தீபாவளி ஆஃபரா, திருட்டு வலையா? வீட்டுப் பெரியவர்களுக்காக ஓர் இழை 🧵

1/ ஐயா, அம்மா, வணக்கம். தீபாவளிக்கு இன்னும் 3 வாரம் இருக்கு. பட்டாசு, பட்டுப்புடவை, குக்கர், இலவச ரீசார்ஜ்னு உங்க போன்ல ஆஃபர் வந்து குவியும். எது நிஜம், எது பணத்தைப் பிடுங்குற வேலைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? மெதுவா படிங்க, அவசரமே இல்ல.

2/ முதல்ல பட்டாசு. "சிவகாசியிலிருந்து நேரடி விற்பனை, 80% தள்ளுபடி, இன்று மட்டும்"னு ஃபேஸ்புக்ல விளம்பரம் வரும். தொட்டா அழகான கடை மாதிரி ஒரு பக்கம் திறக்கும். கிஃப்ட் பாக்ஸ் படம், விலைப்பட்டியல், வாட்ஸ்அப் நம்பர் எல்லாம் இருக்கும்.

3/ ஆர்டர் போட்டதும் முழுப் பணத்தையும் முன்கூட்டியே ஜிபேல அனுப்பச் சொல்வாங்க. அனுப்பினா, லாரி வாடகைக்குக் கொஞ்சம், ஜிஎஸ்டிக்குக் கொஞ்சம்னு மறுபடி கேட்பாங்க. அப்புறம் உங்க நம்பரை பிளாக் பண்ணிடுவாங்க. பட்டாசு வராது.

4/ இணையத்துல பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர்லயே தடை போட்டாச்சு. அதனால "பணம் போடுங்க, வீட்டுக்கு அனுப்புறோம்"னு யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்திடலாம். லைசென்ஸ் உள்ள கடைக்கு நேர்ல போய் வாங்குங்க.

5/ மற்ற பொருளுக்கு இப்படி ஒரே வரியில பதில் சொல்ல முடியாது. நல்ல கடையும் தீபாவளிக்கு விலை குறைக்கும். 30,000 ரூபா வாஷிங் மெஷின் 1,999 ரூபான்னா அது கடையே இல்லன்னு தெரிஞ்சிடும். 30,000 பொருள் 24,000ன்னா? அப்ப பார்க்க வேண்டியது லிங்கோட முகவரி.

6/ தபால் கவர்ல ஊர் பேர் கடைசியிலதானே வரும்? இணைய முகவரியும் அப்படித்தான். சொந்தக்காரர் பேர் கடைசியில இருக்கும். ஏமாத்துறவங்க பெரிய கம்பெனி பேரை முன்னாடி ஒட்டி வைப்பாங்க, நாம முதல் வார்த்தையைப் படிச்சதும் நம்பிடுவோம்னு.

7/ ஓர் உதாரணம். யாரும் தவறித் தொட்டுடக் கூடாதுன்னு இடைவெளி விட்டிருக்கோம்:

amazon . in . deepavali-gift . top / offer

8/ அதுல சாய்கோடு / எங்க இருக்குன்னு பாருங்க. அதுக்கு இடது பக்கம் ஒட்டி இருக்குற ரெண்டு துண்டு deepavali-gift . top. அதுதான் சொந்தக்காரர். அமேசான் கிடையாது. நிஜ அமேசான்னா சாய்கோட்டுக்கு முன்னாடி amazon.in னு முடிஞ்சிருக்கும்.

9/ https:// ல வர்ற ரெண்டு சாய்கோட்டைக் கணக்குல எடுக்காதீங்க. அதுக்கு அப்புறம் வர்ற முதல் சாய்கோடுதான் கணக்கு.

10/ இன்னொரு தந்திரம், எழுத்தை மாத்துறது. o இருக்க வேண்டிய இடத்துல பூஜ்யம் 0 இருக்கும். m க்கு பதிலா r, n ரெண்டையும் சேர்த்து rn னு வச்சிருப்பாங்க. கண்ணாடி போட்டாலும் இது தெரியாது, யாருக்குமே தெரியாது.

11/ அதனால நல்ல வழி இதுதான்: லிங்கை விட்டுடுங்க. நீங்க எப்பவும் வாங்குற கடையோட ஆப்பை நேரா திறந்து அதே பொருளைத் தேடுங்க. ஆஃபர் நிஜம்னா பெரும்பாலும் அங்கயும் இருக்கும். இல்லைன்னா வாங்காதீங்க.

12/ முகவரி பக்கத்துல பூட்டு 🔒 படம் இருந்தா பாதுகாப்புன்னு பலர் நினைக்கிறாங்க. நீங்க தட்டுறதை நடுவுல வேற யாரும் படிக்க முடியாதுன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம். அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்குறவர் நல்லவரான்னு பூட்டு சொல்லாது. திருடனுக்கும் அந்தப் பூட்டு இலவசமாவே கிடைக்கும்.

13/ வங்கின்னா இன்னொரு அடையாளம் இருக்கு. இந்திய வங்கிகளோட இணையதளம் .bank.in னு முடியணும்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. "உங்க கேஒய்சி முடிஞ்சிடுச்சு, புதுப்பிங்க"ன்னு வர்ற லிங்க்ல அந்த முடிவு இருக்கான்னு பாருங்க. இருந்தாலும் லிங்கைத் தொட வேண்டாம், கிளைக்குப் போய்க் கேளுங்க.

14/ "என் மச்சினர்தான் அனுப்பினார், அவர் பொய் சொல்ல மாட்டார்." சரிதான், அவர் பொய் சொல்லலை. "பரிசு வேணும்னா 10 பேருக்கு அனுப்புங்க"ன்னு அந்தப் பக்கமே அவரை அனுப்ப வச்சிருக்கு. அவரும் மாட்டினவர்தான். அவருக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க.

15/ இப்ப இந்த இழையிலேயே முக்கியமான விஷயம். பணம் உங்களுக்கு வர்றதுக்கு UPI PIN தேவையே இல்ல. ஒருபோதும் இல்ல. அந்த 4 அல்லது 6 எண் உங்க பணத்தை வெளியே அனுப்பவும், இருப்பு பார்க்கவும்தான்.

16/ ஸ்க்ராட்ச் கார்டு எப்படி ஏமாத்துது? சுரண்டினா "உங்களுக்கு ₹1,999 பரிசு"ன்னு வரும். "வாங்கிக்க இங்கே தொடுங்க"ன்னு இருக்கும். தொட்டா ஜிபேயோ ஃபோன்பேயோ திறந்து PIN கேட்கும். போட்டீங்கன்னா ₹1,999 உங்க கணக்குலருந்து போயிடும்.

17/ PIN போடுற திரையில மேலே தொகையும், யாருக்குப் போகுதுங்குற பேரும் இருக்கும். அதை ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுப் படிங்க. Pay, Paying, To னு எந்த வார்த்தை இருந்தாலும் பணம் போகுதுன்னு அர்த்தம்.

18/ QR ஸ்கேனும் அதே கதைதான். பழைய கட்டிலை விற்க விளம்பரம் போட்டிருப்பீங்க. "வாங்கிக்கறேன், பணம் அனுப்ப QR அனுப்பியிருக்கேன், ஸ்கேன் பண்ணுங்க சார்"னு சொல்வாங்க. பணம் வாங்குறவர் ஸ்கேன் பண்ண மாட்டார், கொடுக்குறவர்தான் பண்ணுவார்.

19/ பார்சல் செய்தி: "இந்தியா போஸ்ட், உங்க முகவரி சரியில்ல, 24 மணி நேரத்துல ₹25 கட்டுங்க." இங்க 25 ரூபா அவங்களுக்கு முக்கியம் இல்ல. அதைக் கட்ட நீங்க தட்டுற கார்டு எண்ணும் ஓடிபியும்தான் வேணும்.

20/ விரைவுத் தபால் எண் வழக்கமா 13 எழுத்து: முதல்ல 2 ஆங்கில எழுத்து, நடுவுல 9 எண், கடைசியில IN. indiapost.gov.in ல நீங்களே தட்டிப் பாருங்க. எண்ணே கொடுக்காம பார்சல்னு சொன்னா விட்டுடுங்க.

21/ நீங்க ஆர்டர் போடாத பார்சலைக் கொண்டு வந்து பணம் கேட்டா கொடுக்காதீங்க. "பையன் போட்டிருப்பான்"னு நீங்களா முடிவு பண்ண வேண்டாம். டெலிவரி தம்பியை வாசல்ல 2 நிமிஷம் நிக்க வச்சுட்டு பையனுக்குப் போன் பண்ணிக் கேளுங்க.

22/ "டெலிவரிக்கு வர்றேன், வழி தெரியல, *401* போட்டு இந்த நம்பரை அடிங்க"ன்னு யாராவது சொன்னா உடனே போனை வைங்க. அது உங்களுக்கு வர்ற கால் எல்லாத்தையும் அவங்களுக்குத் திருப்பி விடுற கோடு. *21* னு சொன்னாலும் அதேதான். ஓடிபி சொல்ற வங்கிக் கால்கூட அங்க போயிடும்.

23/ ஏற்கனவே அடிச்சுட்டீங்கன்னா உடனே ##002# அடிச்சு கால் பட்டனை அழுத்துங்க. திருப்பி விட்டது ரத்தாகும்.

24/ அடுத்தது ஃபைல். வாட்ஸ்அப்ல கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், ஈபி பில்னு ஒரு ஃபைல் வரும். பேரோட கடைசியைப் பாருங்க. .apk னு முடிஞ்சா அது பத்திரிகையும் இல்ல, பில்லும் இல்ல. அது ஒரு ஆப். திறக்காதீங்க.

25/ அதை இன்ஸ்டால் பண்ணி, கேட்குற அனுமதிக்கெல்லாம் Allow கொடுத்துட்டா, உங்க எஸ்எம்எஸ்ஸை அது படிக்கும். ஓடிபியை நீங்க யாருக்கும் சொல்லாமலே பணம் போறது இப்படித்தான். பத்திரிகை படமாவோ பிடிஎஃப்பாவோதான் வரும்.

26/ "இன்று இரவு 9.30க்கு உங்க மின்சாரம் துண்டிக்கப்படும், அதிகாரியைக் கூப்பிடுங்க"ன்னு 10 இலக்க மொபைல் நம்பர்ல செய்தி வந்தா அது ஈபி இல்ல. இரவு நேரம் போடுறதுக்குக் காரணம் இருக்கு: ஆபீஸ் பூட்டியிருக்கும், நீங்க விசாரிக்க முடியாது, பயந்து அவங்களையே கூப்பிடுவீங்க.

27/ கூப்பிட்டா "10 ரூபா கட்டுங்க, சரியாகிடும். உதவிக்கு AnyDesk போடுங்க"ன்னு சொல்வாங்க. அந்த மாதிரி ஆப்ல உங்க திரை முழுசா அவங்களுக்குத் தெரியும். வாட்ஸ்அப் வீடியோ கால்ல திரையைப் பகிர்ந்தாலும் தெரியும். தெரியாதவருக்குத் திரையைக் காட்டாதீங்க.

28/ கஸ்டமர் கேர் நம்பரை கூகுள்ல தேடி வர்ற முதல் நம்பருக்குப் போன் பண்ணாதீங்க. போலி நம்பரும் அங்க ஏறியிருக்கும். கார்டோட பின்பக்கம், பாஸ்புக், அந்தக் கடையோட ஆப். இந்த மூணுல இருக்குற நம்பரை எடுங்க.

29/ பென்ஷன் வாங்குறவங்க கவனத்துக்கு: நவம்பர்ல லைஃப் சர்டிஃபிகேட் நேரம். "போன்லயே புதுப்பிச்சுத் தர்றோம், ஓடிபி சொல்லுங்க"ன்னு வர்ற கால் பொய். வங்கியிலயோ தபால் நிலையத்துலயோ நேர்ல பண்ணுங்க. முடியலைன்னா தபால்காரரே வீட்டுக்கு வந்து பண்ணித் தருவார்.

30/ "அப்பா, இது என் புது நம்பர், அவசரமா பணம் வேணும்"னு வந்தா பழைய நம்பருக்குக் கூப்பிடுங்க. குரல் ஒத்துப்போனாலும் கூப்பிடுங்க, இப்ப குரலையும் போலியா செய்ய முடியும்.

31/ "போலீஸ் பேசுறோம், டிஜிட்டல் அரெஸ்ட், போனை வைக்கக் கூடாது"ன்னா தாராளமா வைங்க. வீடியோ கால்ல கைது பண்ற சட்டம் இந்தியாவுல கிடையாது.

32/ பணம் போயிடுச்சா? வருத்தப்படுறதை அப்புறம் வச்சுக்கலாம். முதல்ல சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் போடுங்க. போன பணம் அடுத்தடுத்து வேற கணக்குகளுக்கு மாறும், கடைசியில யாராவது ரொக்கமா எடுத்துடுவாங்க. எடுக்குறதுக்குள்ள தகவல் போனா அந்தக் கணக்குல பணத்தை நிறுத்தி வைக்க முடியும். அதனால நிமிஷம் முக்கியம்.

33/ 1930ல கேட்பாங்க: எந்த வங்கி, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் (UPIன்னா 12 இலக்கம், ஆப்ல History ல இருக்கும்), எந்த நம்பர்லருந்து பேசினாங்க. செய்தியை அழிச்சுடாதீங்க. புகார் எண்ணை எழுதி வச்சுக்கோங்க. cybercrime.gov.in லயும் பதியணும், வங்கிக்கும் சொல்லணும்.

34/ .apk போட்டுட்டீங்கன்னா முதல்ல ஃபிளைட் மோட் ✈️, வைஃபையும் நிறுத்துங்க. வேற போன்லருந்து வங்கிக்கும் 1930க்கும் பேசுங்க. உங்க போன்லருந்து எதையும் கட்ட வேண்டாம், போனை முழுசா ரீசெட் பண்ற வரைக்கும்.

35/ பண்டிகைக்கு ஊருக்கு வர்ற பிள்ளைங்களுக்கு: அப்பா, அம்மா போன்ல UPIக்குத் தனியா சின்னக் கணக்கு வைங்க, 5,000 ரூபா போதும். பென்ஷன், எஃப்டி இருக்குற கணக்கை அதுல இணைக்காதீங்க. வாட்ஸ்அப்ல Settings > Account > Two-step verification போட்டுக் கொடுங்க.

36/ போன் அமைப்புல Install unknown apps னு தேடி, வாட்ஸ்அப்புக்கு அனுமதி இருந்தா எடுத்துடுங்க. ஏமாந்துட்டேன்னு அவங்க சொன்னா தயவுசெஞ்சு திட்டாதீங்க. திட்டு விழும்னு பயந்து மறைக்கிற அந்த ரெண்டு நாள்ல பணம் கைக்கு எட்டாம போயிடுது.

37/ புகார் கொடுத்த அப்புறமும் ஒரு கால் வரலாம்: "உங்க பணம் கிடைச்சிடுச்சு, விடுவிக்க 5% கட்டணும்." அதே கும்பலா இருக்கலாம், உங்க நம்பரை வாங்கின வேற கும்பலா இருக்கலாம். பணத்தை மீட்டுத் தர போலீசோ வங்கியோ கட்டணம் கேட்க மாட்டாங்க. அந்த நம்பரையும் 1930ல சொல்லுங்க.