'ங்க' எங்க போச்சு? சனிக்கிழமை பேட்ச் பயிற்சித் தாள்

பசங்களா, நம்ம பேட்ச்ல ஒருத்தன் காந்தி ரோடு பக்கம் ஒரு லாட்ஜ்ல நைட் ரிசப்ஷன் பாக்கறான், பேர் வேணாம். சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வந்த ஒரு கொல்கத்தா குடும்பத்துகிட்ட "சிட். வெயிட். கிவ் ஐடி"ன்னு சொல்லிருக்கான், பெரியவருக்கு மூஞ்சே மாறிடுச்சாம். "நான் மரியாதையாத்தான சார் சொன்னேன்"ங்கறான். உண்மைதான், அவன் மனசுல ஓடினது "உக்காருங்க, வெயிட் பண்ணுங்க, ஐடி குடுங்க". அந்த மூணு 'ங்க'வும் இங்கிலீஷுக்கு போற வழியில விழுந்துடுச்சு. தமிழ்ல மரியாதை வினையோட வால்லயே ஒட்டிக்கிட்டு இருக்கு, இங்கிலீஷ்ல 'கம்'னா சின்னப் பையனுக்கும் கம்தான் கலெக்டருக்கும் கம்தான், அதனால மரியாதைய வெளிய இருந்து கொண்டாந்து வெக்கணும், ஒண்ணு ப்ளீஸ், இல்லன்னா குட் யூ.

பயிற்சி 1. மரியாதையா மாத்துங்க: வா, நில்லு, குடு, கேளு, ஓடாத, சொல்லாத.

விடை: வாங்க, நில்லுங்க, குடுங்க, கேளுங்க, ஓடாதீங்க, சொல்லாதீங்க. 'வேணாம்'னு சொல்ற வினைக்கு மட்டும் நடுவுல ஒரு 'ஈ' வந்து உக்காருது பாருங்க. "பசங்களா வாங்க"ங்கறதுல இருக்கறது மரியாதை இல்ல, ஆள் நெறய பேருன்னு அர்த்தம், ரெண்டுக்கும் ஒரே உருவம்தான்.

பயிற்சி 2. இங்கிலீஷ்ல சொல்லுங்க.

அ) காட்பாடி ஸ்டேஷன்ல ஷேர் ஆட்டோல பக்கத்துல இருக்கறவங்ககிட்ட: "கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா."
ஆ) வீட்டுக்கு வந்தவங்ககிட்ட: "உள்ள வாங்க, உக்காருங்க."
இ) வழி கேட்டவர்கிட்ட: "நேரா போங்க, லெஃப்ட்ல திரும்புங்க."

விடை: அ) குட் யூ மூவ் எ லிட்டில், ப்ளீஸ்? இந்த 'குட்' இறந்த காலம் இல்ல, "முடிஞ்சுதா"ன்னு யாரும் எழுதாதீங்க. 'கேன்'ன விட இன்னும் ஒரு படி பின்னால தள்ளி நின்னு கேக்குது, அவ்ளோதான். அக்காவ 'சிஸ்டர்'னு மாத்திடாதீங்க, இந்த ஊர்ல அந்தப் பேருக்கு நர்ஸம்மா திரும்பிப் பாப்பாங்க.

ஆ) கம் இன், ஹேவ் எ சீட். இங்க குட் யூ போட்டீங்கன்னா விருந்தாளிய ஏதோ வேலைக்கு கூப்பிட்ட மாதிரி ஆயிடும். நல்லது யாருக்குன்னு பாருங்க, கேக்கறவனுக்கு ஆதாயம்னா குட் யூ, எதிராளிக்கு ஆதாயம்னா வெறும் வினையே போதும்.

இ) கோ ஸ்ட்ரெய்ட், டேர்ன் லெஃப்ட். அதே கணக்குதான்.

பயிற்சி 3. இப்போ திருப்பி, தமிழ்ல: டீக்கடையில "குட் யூ மேக் மீ எ டீ, ப்ளீஸ்?"

ஒருத்தர் "தயவுசெய்து உங்களால் ஒரு டீ போட முடியுமா"ன்னு எழுதிருந்தாங்க. அத மாஸ்டர்கிட்ட சொல்லிப் பாருங்க, இருவது வருஷமா டீ ஆத்தறவர்கிட்ட உனக்கு டீ போட வருமான்னு கேட்ட மாதிரி இருக்கும், கிளாஸ கவுத்து வெச்சிட்டு "இன்னாபா நக்கலா"ன்னு கேப்பாரு. தயவுசெய்து போர்டுல எழுதற சொல்லு, செருப்ப வெளிய விடறதுக்கு. வாய்ல வர்றது "அண்ணா ஒரு டீ குடுங்க", அதுலயே அண்ணாவும் 'ங்க'வும் சேந்து ப்ளீஸ் வேலைய முடிச்சிடுது. இன்னும் கெஞ்சணும்னா "கொஞ்சம்" முன்னாடி போடுங்க, இல்ல பின்னாடி 'ஏன்' சேத்து "சொல்லுங்களேன்"னு இழுங்க, ரொம்ப தயக்கம்னா "குடுக்கறீங்களா". அதுக்காக 'முடியுமா' தப்புன்னு இல்ல, ஆபீஸ்ல "நாளைக்கு வர முடியுமா சார்"னு கேட்டா சரியாத்தான் இருக்கும், அங்க அவரால நிஜமாவே முடியாமப் போகலாம்.

பயிற்சி 4. இதுல எது மரியாதைக் குறைவு? "அம்மா, சோறு போடு." "ஜலகண்டேஸ்வரா, காப்பாத்து." "தம்பி, இங்க வாப்பா." "பெருசு, நவுரு."

விடை: கடைசி ஒண்ணுதான். நம்ம பக்கம் நெறய வீட்ல அப்பாவுக்கு 'வாங்க', அம்மாவுக்கு 'வா'. கோட்டைக்குள்ள போய் சாமிய யாரும் "காப்பாத்துங்க சார்"னு கும்புடறதில்ல. வெறும் வினை கீழ இருக்கறவங்களுக்கு மட்டும் இல்ல, ரொம்ப கிட்ட இருக்கறவங்களுக்கும் அதுதான், தூரம் இருக்கற எடத்துலதான் 'ங்க' வருது. இங்கிலீஷ்லயும் வீட்டுக்குள்ள "பாஸ் த சால்ட்" ஓடும், ஆனா அம்மாவுக்கே ப்ளீஸ் சொல்லித்தான் வளக்கறாங்க, அது நமக்கு கொஞ்சம் விசித்திரமா இருக்கலாம்.

வீட்டுப் பாடம்: அந்த லாட்ஜ் வரி மூணையும் இங்கிலீஷ்ல ஒழுங்கா எழுதிட்டு வாங்க. மூணுக்கும் குட் யூ வேணாம், ஒரு வரிக்கு அது பொருந்தாது, எதுன்னு யோசிங்க. இப்போ நான் சொன்ன 'வாங்க' எந்த 'வாங்க'ன்னும் பக்கத்துல எழுதுங்க.