மார்ச் மாதச் சம்பளச் சீட்டில் இரவுப் பணிப் படி விடுபட்டது: மறுசரிபார்ப்பு வேண்டி

துவாஸ் கிடங்கு
8 ஏப்ரல் 2026

சம்பளப் பிரிவு அதிகாரிக்கு,

வணக்கம் அம்மா. நேற்று தொலைபேசியில் பேசியபோது தமிழிலேயே எழுதி அனுப்பலாம் என்றீர்கள், நன்றி.

மார்ச் மாதச் சம்பளம் நேற்றுக் காலை வங்கியில் ஏறியது. சீட்டில் அடிப்படைச் சம்பளம் 2,400 வெள்ளி, போக்குவரத்துப் படி 80, ஓவர்டைம் 151.04, ஆக மொத்தம் 2,631.04 என்று இருக்கிறது. கூட்டல் சரிதான். ஆனால் ‘ஷிஃப்ட் அலவன்ஸ்’ என்ற வரியே இல்லை. பிப்ரவரிச் சீட்டில் அது இருந்தது.

என் நியமனக் கடிதப்படி, இரவு 8 மணிக்குத் தொடங்கும் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் 12 வெள்ளி படி உண்டு. மார்ச்சில் 14 இரவுகள் வேலை பார்த்தேன். 168 வெள்ளி வரவேண்டும். மார்ச் 31 இரவு ஏறி மறுநாள் காலை இறங்கிய ஷிஃப்டையும் இதில் சேர்த்திருக்கிறேன். அதை ஏப்ரல் கணக்கில் வைப்பதுதான் உங்கள் வழக்கம் என்றால் இப்போதைக்கு 156 வெள்ளி, மீதி அடுத்த சீட்டில் வந்தால் போதும்.

விடுபட்டதற்குக் காரணம் ரோஸ்டர் மாற்றமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். மாதத் தொடக்கத்தில் என்னைப் பகல் குழுவில் போட்டிருந்தார்கள், பிறகு வாட்ஸ்அப்பில் சொல்லித்தான் இரவுக்கு மாற்றினார்கள். சிஸ்டத்தில் நான் இன்னும் பகல் குழுவிலேயே இருக்கிறேனோ என்னவோ. ஆனால் ஓவர்டைமாகக் கணக்கிட்டிருக்கும் 8 மணி நேரமும் காலை 5 மணிக்கு மேல் பார்த்த வேலை. அதற்குப் பணம் கொடுத்த அதே வருகைப் பதிவில், நான் இரவு 8 மணிக்கு அட்டை தட்டியதும் இருக்குமே. அதைப் பார்த்தாலே விஷயம் தெளிவாகிவிடும்.

படி சேர்ந்தால் மசேநியும் மாறும். மொத்தம் 2,799.04 ஆகும்போது என் பங்கு 526 வெள்ளியிலிருந்து 559 ஆகவும், நிறுவனத்தின் பங்கு 447லிருந்து 477 ஆகவும் உயரும். சிண்டா பிடித்தம் அதே 7 வெள்ளிதான். என் கணக்குப்படி கையில் வரவேண்டியது 2,233.04, வந்தது 2,098.04. குறைவது 135 வெள்ளி.

மார்ச் மாத மசேநியைக் கட்ட 14ஆம் தேதி வரைதான் அவகாசம் என்பதால், அதற்குள் பார்த்துவிட்டால் உங்களுக்கும் திருத்த வேலை மிச்சம். பாக்கிப் பணத்தை அடுத்த சம்பளத்தோடு சேர்க்காமல் தனியாகவே போட முடியுமா? அந்தப் படியைக் காட்டும் திருத்திய சீட்டும் வேண்டும். வீட்டுக் கடன் விண்ணப்பத்துக்கு மூன்று மாதச் சீட்டுகள் கேட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி, மார்ச் சீட்டுகள், நியமனக் கடிதத்தின் படிகள் பக்கம், ஷிஃப்ட் மாற்றிய வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். மேற்பார்வையாளரிடமும் சொல்லிவிட்டேன், நீங்கள் கேட்டால் உறுதிப்படுத்துவார். இந்த வாரமும் இரவு வேலைதான், அதனால் மாலை 4 மணிக்கு மேல் அழைத்தால் எடுப்பேன். 14ஆம் தேதி புத்தாண்டுக்கு விடுப்பு எடுத்திருக்கிறேன். அன்று எந்த நேரமும் பேசலாம்.

இப்படிக்கு,
மு. செல்வராணி
பொருள் சரிபார்ப்பாளர், இரவுக் குழு