என் கைபேசி எண் குறித்துப் பெற்றோர்களுக்கு

நான்காம் வகுப்பு ஆ பிரிவுப் பெற்றோர்களுக்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிமார்களுக்கும் வணக்கம்.

பிள்ளைகளின் டைரி முதல் பக்கத்தில், பள்ளி எண்ணுக்குக் கீழே என் சொந்த எண்ணையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைக்கு ஒன்று என்றால் யாரைக் கேட்பது என்று நீங்கள் தவிக்கக் கூடாது என்பதற்காகத்தான் அது. வகுப்பில் 31 பிள்ளைகள். சின்னச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் அந்த எண் ஒலித்துக்கொண்டே இருந்தால், உண்மையான அவசரத்தோடு வரும் அழைப்பும் அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடும். அதனால் சில விவரங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

வகுப்பு நேரத்தில் என் போன் பீரோவுக்குள் சத்தமில்லாமல் இருக்கும். காலை 9.10 முதல் மாலை 4.10 வரை வாட்ஸ்அப் செய்தியை நான் பார்ப்பேன் என்று நம்பி இருக்காதீர்கள். மதியம் 12.40 மணிக்கு ஒருமுறை பார்ப்பேன். அதன் பிறகு பள்ளி விட்ட பின்தான். ஆகவே பள்ளி நேரத்தில் அவசரம் என்றால் முதலில் பள்ளி எண்ணுக்கு அழையுங்கள். தலைமை ஆசிரியர் அறையில் யாராவது ஒருவர் எப்போதும் இருப்பார். இரண்டு நிமிடத்தில் என்னிடம் ஆள் வந்துவிடும்.

பள்ளி எண் கிடைக்கவில்லை என்றால் என் எண்ணுக்கு அழையுங்கள். நான் எடுக்காவிட்டால் உடனே மறுபடி அழையுங்கள். ஒரே எண்ணிலிருந்து சில நிமிடங்களுக்குள் இரண்டாவது முறை அழைப்பு வந்தால் மட்டும் சத்தம் கேட்கும்படி போனில் அமைத்திருக்கிறேன். அப்பா ஒருமுறை, அம்மா ஒருமுறை என்று வேறு வேறு எண்ணிலிருந்து அழைத்தால் அது ஒலிக்காது. வாட்ஸ்அப் கால் வேண்டாம், சாதாரண அழைப்பே போதும். மிஸ்டு கால் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவும் வேண்டாம். அவசரம் இருப்பது எனக்குத் தெரியாமலே போய்விடும்.

எதை அவசரம் என்று நினைக்கலாம்? பிள்ளை வழக்கமான நேரத்துக்கு வீடு வந்து சேரவில்லை. வேன் வரவில்லை. வலிப்பு, மூச்சிரைப்பு போன்ற தொந்தரவு உள்ள பிள்ளை காலையில் மருந்து சாப்பிடாமல் வந்துவிட்டது. வீட்டில் துக்கம், உடனே அழைத்துப் போக வேண்டும். இவற்றுக்கு நேரம் காலம் பார்க்க வேண்டாம், இரவு 11 மணி ஆனாலும் அழையுங்கள். ஆனால் பிள்ளைக்கே உடம்பு மோசமாக இருந்தால் எனக்கு முன்னால் 108. அந்த ஐந்து நிமிடத்தை என்னைத் தேடுவதில் செலவழிக்காதீர்கள்.

பிள்ளையை வேறு யாராவது அழைத்துப் போக வருவதாக இருந்தால், மாலை 3 மணிக்குள் பள்ளி எண்ணுக்குச் சொல்லிவிடுங்கள். 3.45க்கு எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நான் பார்ப்பதற்குள் மணி அடித்துவிடும். 'சித்தப்பா வருவார், அனுப்பிவிடுங்கள்' என்று புது எண்ணிலிருந்து செய்தி வந்தால் பிள்ளையை அனுப்ப மாட்டேன். பதிவேட்டில் உள்ள உங்கள் எண்ணுக்கு நானே அழைத்துக் கேட்ட பிறகுதான் அனுப்புவேன். வந்தவர் வாசலில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருக்கும். அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எண் மாற்றினால் மறுநாளே டைரியில் எழுதி அனுப்புங்கள். பழைய எண்ணை வைத்துக்கொண்டு உங்களை எப்படிப் பிடிப்பது?

விடுப்புக்கு அழைக்க வேண்டாம், செய்தி போதும். காலை 8.45க்குள் வந்தால் வருகைப் பதிவுக்கு முன் பார்த்துவிடுவேன். எழுதும்போது பெயருக்குப் பக்கத்தில் வரிசை எண்ணையும் போடுங்கள். வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பேர், மூன்று பேர் இருக்கிறார்கள். 'குட் மார்னிங் மிஸ்' என்று ஒரு செய்தி, அரை மணி கழித்து அடுத்த செய்தி என்றில்லாமல் ஒரே செய்தியாக இப்படி அனுப்பினால் போதும்:

'4 ஆ, பிள்ளையின் பெயர், வரிசை எண் 17. காய்ச்சல். இன்றும் நாளையும் வரமாட்டாள். – அம்மா'

கடைசியில் 'அம்மா', 'அப்பா' என்று போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அம்மா போனை எடுத்துப் பிள்ளைகளே லீவு செய்தி அனுப்பிவிட்டு அழித்துவிடுவது உண்டு. சந்தேகம் வந்தால் திரும்ப அழைத்துக் கேட்பேன், தப்பாக நினைக்காதீர்கள். எழுதச் சிரமப்படுகிறவர்கள் குரலில் பேசி அனுப்புங்கள். அதற்குத் தயக்கமே வேண்டாம். பிள்ளை பெயரை முதலில் சொல்லி, அரை நிமிடத்துக்குள் முடித்தால் உடனே கேட்டுவிடுவேன்.

படிப்பு, நடத்தை, பிள்ளையின் மனநிலை பற்றிப் பேச வேண்டுமானால் திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 5 முதல் 6.30 வரை அழையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் அப்பாக்களுக்கு மட்டும் இரவு 8 மணி வரை. அதாவது துபாயில் இருப்பவர்கள் அங்குள்ள நேரப்படி 6.30க்குள் பேச வேண்டும். நீண்ட நேரம் பேச வேண்டிய விஷயம் என்றால் நேரில் வாருங்கள். பிள்ளையின் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல் போனில் பேச முடிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவசரம் தவிர வேறு எதற்கும் எடுக்க மாட்டேன்.

வீட்டுப்பாடம் என்ன என்று இரவில் கேட்காதீர்கள். மாலை 3.50க்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, டைரியில் எழுதிவிட்டார்களா என்று பார்த்த பிறகுதான் அனுப்புகிறேன். விடுப்பு எடுத்த பிள்ளைகளுக்காக 5 மணிக்கு வகுப்புக் குழுவில் போடுவேன். அதேபோல் மழைக்காலத்தில் விடியற்காலை 5.30க்கு 'இன்றைக்கு லீவா மிஸ்?' என்று கேட்கவும் வேண்டாம். விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். எனக்கும் உங்களைப்போல் செய்தியில்தான் தெரியும். தெரிந்ததும் குழுவில் போட்டுவிடுவேன்.

குழுவில் நானும் தலைமை ஆசிரியரும் மட்டுமே செய்தி போட முடியும். என் எண்ணை உங்கள் போனில் கட்டாயம் சேமித்து வையுங்கள். சிலருக்கு மட்டும் சொல்ல வேண்டியதை பிராட்காஸ்டில் அனுப்புவேன். எண்ணைச் சேமிக்காதவர்களுக்கு அது போய்ச் சேராது.

அடுத்த வீட்டுப் பிள்ளை என்ன மதிப்பெண் என்று கேட்டால் சொல்ல மாட்டேன். உங்கள் பிள்ளையைப் பற்றியும் பிறரிடம் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று. பிள்ளையிடம் யாராவது தவறாக நடந்துகொண்டதாகத் தெரிந்தால், எந்த நேரமானாலும் என்னை அழையுங்கள். எழுத்தில் அனுப்பாமல் பேசுங்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி நான் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், 'நமக்குள் இருக்கட்டும்' என்று வாக்குக் கொடுக்க முடியாது. தெரிவிக்கும்போது உங்களுடன் நிற்பேன். என்னிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள்.

உதவித்தொகை வந்திருக்கிறது என்று என் பெயரைச் சொல்லி யாராவது ஓடிபி கேட்டால் உடனே துண்டித்துவிடுங்கள். நான் எந்தக் காரணத்துக்காகவும் ஓடிபியோ ஏடிஎம் அட்டை எண்ணோ பணமோ போனில் கேட்க மாட்டேன். பணம் போய்விட்டிருந்தால் முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குச் சொல்லுங்கள், பிறகு எனக்கு. என் எண்ணை என்னைக் கேட்காமல் வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

இதைப் படித்ததும் டைரி இரண்டாம் பக்கத்தில் உங்கள் கையொப்பத்துடன் இரண்டு எண்களை எழுதி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். ஒன்று எப்போதும் உங்கள் கையில் இருக்கும் போன். மற்றொன்று, அது எடுக்கப்படாதபோது நான் அழைக்க வேண்டிய உறவினர் எண். அவர் பிள்ளைக்கு என்ன முறை என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
வகுப்பு ஆசிரியை,
நான்காம் வகுப்பு ஆ பிரிவு