பொருள்: நவம்பர் பருவத் தேர்வு வினாத்தாள் வரைவுகளை மாடரேஷன் கூட்டத்திற்கு முன் சரிபார்த்தல் தொடர்பாக

நாள்: 08.10.2025
இடம்: காரைக்குடி

மதிப்பிற்குரிய துறைப் பேராசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நவம்பர் பருவத் தேர்வுக்கான நம் துறையின் ஆறு வினாத்தாள்களும் அவற்றின் விடைக்குறிப்புகளும் நேற்று மாலை என்னிடம் வந்து சேர்ந்துவிட்டன. மாடரேஷன் குழு 23.10.2025 வியாழக்கிழமை கூடுகிறது. இடையில் தீபாவளி விடுமுறை வருவதாலும், 17ஆம் தேதி வெள்ளிக்கிழமையே பலரும் ஊருக்குக் கிளம்பிவிடுவீர்கள் என்பதாலும், சரிபார்க்கும் பணியை 15ஆம் தேதி புதன்கிழமை மாலைக்குள் முடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். திருத்தங்களைத் தட்டச்சில் ஏற்றி, மறுபடி ஒருமுறை படித்து, உறையிட 16, 17 ஆகிய இரண்டு நாட்கள்தான் நமக்கு இருக்கின்றன.

வரைவுகள் எதையும் இந்த மின்னஞ்சலில் இணைக்கவில்லை. அவை என் அறையிலுள்ள பீரோவில் தாள்வாரியாகத் தனித்தனி உறைகளில் இருக்கின்றன. அறையிலேயே அமர்ந்து படித்து, கருத்துகளைத் தனித்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, உறையோடு சேர்த்து என்னிடமே திருப்பித் தர வேண்டும். கைப்பேசியில் படம் எடுப்பதும், வினாக்களைப் பற்றித் துறையின் வாட்ஸ்அப் குழுவில் பேசுவதும் வேண்டாம். தங்கள் பிள்ளைகளோ நெருங்கிய உறவினர்களோ அந்தத் தாளை எழுதுகிறார்கள் என்றால் முன்கூட்டியே என்னிடம் சொல்லிவிடுங்கள். வேறு தாளை ஒதுக்கித் தருகிறேன். தாம் எழுதிய தாளைத் தாமே சரிபார்க்கக் கூடாது என்ற நம் வழக்கம் இந்த முறையும் தொடர்கிறது.

மாடரேஷன் குழு இருக்கும்போது நாம் ஏன் முன்னதாகவே பார்க்க வேண்டும் என்று சென்ற துறைக் கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. குழு ஒரே நாளில் ஆறு தாள்களையும் பார்க்கிறது. ஐந்து அலகுகளுக்கும் வினாக்கள் சமமாகப் பிரிந்திருக்கின்றனவா, மதிப்பெண்களின் கூட்டல் சரியா, பாடத்திட்டத்திற்கு வெளியே ஏதேனும் கேட்கப்பட்டிருக்கிறதா என்பதை அவர்கள் நன்றாகவே கவனிப்பார்கள். ஒவ்வொரு கணக்கையும் போட்டுப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்காது. அந்த வேலை நம்முடையது, அதில் நாம் தவறினால் பிடிப்பதற்கு வேறு யாரும் இல்லை.

சென்ற ஏப்ரல் தேர்வில் நடந்ததை இங்கே விரிவாகவே எழுதுகிறேன். இயற்பிய வேதியியல் தாளில் டேனியல் மின்கலத்தைப் பற்றி ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்று வந்தது. Zn²⁺ செறிவு 0.1 M, Cu²⁺ செறிவு 0.01 M, திட்ட மின்னியக்கு விசை 1.10 V, வெப்பநிலை 298 K. வினாவில் பிழை எதுவும் இல்லை. நெர்ன்ஸ்ட் சமன்பாட்டின்படி விடை இவ்வாறு வர வேண்டும்:

```
E = E° − (0.0591/2) log([Zn²⁺]/[Cu²⁺])
E = 1.10 − 0.0296 × log 10 = 1.07 V
```

விடைக்குறிப்பில் செறிவு விகிதம் தலைகீழாக எழுதப்பட்டு, விடை 1.13 V என்று இருந்தது. சரிபார்த்தவர், குழு, நான் என மூன்று நிலைகளிலும் கையெழுத்தாகியே அந்தத் தாள் வெளியே போனது. சரியாக எழுதிய மாணவர்களுக்கு மதிப்பெண் குறைந்துகொண்டே வந்ததை, விடைத்தாள் திருத்தும் பணியின் இரண்டாம் நாள்தான் ஒருவர் கவனித்தார். முதல் நாள் திருத்திய கட்டுகள் அனைத்தையும் மறுபடி பிரித்தோம். மின்வேதியியலுக்கென்றே செக்ரி இயங்கும் ஊரில், அங்கே புராஜெக்ட் செய்யப் பிள்ளைகளை அனுப்பும் துறையில், நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் இப்படி ஒரு பிழை நேர்ந்தது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. அந்தக் கையெழுத்துக்கு நான் பொறுப்பேற்கிறேன். அன்று யாராவது ஒருவர் பேனாவை எடுத்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

ஆகவே என் முதல் வேண்டுகோள் இதுதான்: விடைக்குறிப்பு உள்ள உறையைப் பிரிக்கும் முன், தாளில் உள்ள எல்லாக் கணக்குகளையும் வெள்ளைத்தாளில் முழுமையாகப் போட்டுவிடுங்கள். குறிப்பைப் பார்த்த பிறகு போட்டால் நம் கையும் அதே வழியில்தான் போகும். போடும்போது கடிகாரத்தையும் பாருங்கள். மூன்று மணி நேரத்திற்கு 75 மதிப்பெண் என்றால் ஐந்து மதிப்பெண் வினா ஒன்றுக்கு மாணவருக்குக் கிடைப்பது 12 நிமிடம். பல ஆண்டுகள் பாடம் நடத்திய நமக்கே எட்டு, ஒன்பது நிமிடம் ஆகிறது என்றால் அந்தக் கணக்கைச் சுருக்கியே ஆக வேண்டும்.

இரண்டாவது, தமிழ் வடிவம். புதுவயல், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கமிருந்து வரும் நம் மாணவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்கள். தேர்வு அறையில் அவர்கள் தமிழ் வரியை மட்டுமே படிக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் உறைநிலைத் தாழ்வுக் கணக்கு ஒன்றில், ஆங்கிலத்தில் மோலாலிட்டி என்று சரியாக இருந்த சொல் தமிழில் மோலாரிட்டி என்று அச்சாகிவிட்டது. ஓர் எழுத்து மாறியதுதான். ஆனால் கரைசலின் அடர்த்தி தரப்படாத நிலையில் அந்தக் கணக்கைத் தொடங்கவே முடியாது. தமிழில் எழுதியவர்களில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே அடர்த்தியைத் தேடித் திணறினார்கள். வாசகத்தை அப்படியே நம்பிக் கணக்கைத் தொடங்கியவர்கள் அவர்கள்தான். இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒருவர் வாய்விட்டுப் படிக்க மற்றவர் சரிபார்ப்பதே நல்லது. எண்கள், அலகுகள், மேற்குறிகள் அனைத்தும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும்.

விளக்க வினாக்களில் எதைக் கேட்கிறோம் என்பது வினாவிலேயே தெளிவாக இருக்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு கெட்டிப்படுவதை விளக்கச் சொல்லி முன்பு ஒரு வினா கேட்டோம். இந்த மண்ணுக்கே உரிய, அருமையான வினா அது. விடைக்குறிப்பில் Ca(OH)₂ காற்றிலுள்ள CO₂ உடன் சேர்ந்து CaCO₃ ஆகும் வினை மட்டுமே இருந்தது. மாணவர்களோ தாத்தா பாட்டியிடம் கேட்டறிந்த முட்டை வெள்ளைக்கருவையும் கடுக்காயையும் பற்றி இரண்டு பக்கம் எழுதினார்கள். அதற்கு மதிப்பெண் உண்டா இல்லையா என்பதில் திருத்தியவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. "வேதிச்சமன்பாட்டுடன்" என்ற ஒரு சொல் வினாவில் இருந்திருந்தால் போதும். இத்தகைய வினாக்களைத் தயவுசெய்து நீக்கிவிடாதீர்கள். வாசகத்தை மட்டும் செம்மைப்படுத்துங்கள். விடைக்குறிப்பில் மதிப்பெண் பிரிப்பைப் படிப்படியாக எழுதச் சொல்லுங்கள்.

அறிவுநிலைக் குறியீடுகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வரையறையைக் கேட்கும் வினாவின் ஓரத்தில் பகுப்பாய்வு நிலை என்று குறித்துவிட்டால் அது பகுப்பாய்வு வினா ஆகிவிடாது. இதில் ஐயம் இருந்தால் வினாவின் எண்ணை மட்டும் குறித்து வையுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

வெளியிலிருந்து வந்த மூன்று தாள்களை நாமாகத் திருத்தக் கூடாது என்று சிலர் தயங்குவது எனக்குத் தெரியும். திருத்தும் உரிமை குழுவுக்குத்தான். எது, ஏன் பிழை என்பதை எழுதித் தருவது நம் கடமை. அதை நான் குழுவின் முன் வைக்கிறேன்.

ஒரு தாளுக்கு இருவர் என்ற முறையில் ஒதுக்கீட்டுப் பட்டியல் நாளை காலை என் மேசையில் இருக்கும். நாளை முதல் 15ஆம் தேதி வரை வேலை நாட்களில் பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை அறை திறந்திருக்கும். ஆய்வக வகுப்பு உள்ளவர்கள் தங்களுக்கு ஏற்ற நேரத்தை நாளை மாலை நான்கு மணிக்குள் பதில் மின்னஞ்சலில் தெரிவித்தால், அதற்கேற்ப நான் இருந்து உறைகளை எடுத்துத் தருகிறேன்.

அன்புடன்,
துறைத்தலைவர்
வேதியியல் துறை