பாடம் 6: கவனத்தை நிலைநிறுத்தச் சிரமப்படும் மாணவர்களுக்கு வகுப்பை அமைத்தல்

நான்காம் வகுப்பில் 40 நிமிடக் கணக்குப் பாடவேளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கரும்பலகையில் 12 வகுத்தல் கணக்குகளை எழுதி, எல்லாவற்றையும் செய்து முடிக்கச் சொன்னால், வகுக்கத் தெரிந்த மாணவரிலும் சிலர் மூன்றாவது கணக்கைத் தாண்டுவதில்லை. ஒருவர் எழுந்து நடப்பார். இன்னொருவர் அசையாமல் அமர்ந்து சன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டாமவர் யாருக்கும் தொந்தரவு தராததால் பெரும்பாலும் நம் கண்ணில் படுவதில்லை என்பதால், அவரை முதலில் தேடிப் பாருங்கள். இது சோம்பலோ அடங்காமையோ அன்று. குறைபாடு உண்டா என்று கண்டறிவது மருத்துவரின் பணி. பாடவேளையை மாற்றியமைப்பது நம் பணி, அதற்கு மருத்துவச் சான்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த 12 கணக்குகளை நான்கு நான்காக மூன்று தாள்களில் கொடுங்கள். ஒரு தாள் முடிந்து, அதை நீங்கள் பார்த்துக் குறியிட்ட பின்னரே அடுத்த தாள் கைக்கு வர வேண்டும். கேட்ட கட்டளைகளை மனத்தில் வைத்துக்கொண்டே வேலை செய்வது இம்மாணவர்களுக்குக் கடினமாதலால், ஒரு நேரத்தில் ஒரே கட்டளையைச் சொல்லி, அதை அவர்கள் வாயாலேயே திரும்பச் சொல்லக் கேளுங்கள்.

இரண்டு தாள்களுக்கு இடையில் 2 அல்லது 3 நிமிடம் வகுப்பு முழுவதும் எழுந்து அசையட்டும்: கைகளை உயர்த்தி நீட்டலாம், நின்ற இடத்திலேயே அடியெடுத்து வைத்தபடி ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லலாம். ஒரு மாணவரை மட்டும் எழுப்பினால் அவர் தனித்துத் தெரிவார் என்பதால், அனைவருக்கும் பொதுவாகவே இதைச் செய்யுங்கள். இடைவேளை எப்போது முடியும் என்பதை முன்கூட்டியே சொல்லி, ஒவ்வொரு முறையும் ஒரே அடையாளத்தால், எடுத்துக்காட்டாக மூன்று கைத்தட்டலால், முடித்துவையுங்கள். வேலையை முடிக்காததற்குத் தண்டனையாக இந்த இடைவேளையையோ விளையாட்டு நேரத்தையோ ஒருபோதும் பறிக்காதீர்கள். அசைவு யாருக்கு மிகவும் தேவையோ அவரிடமிருந்தே அதைப் பறிப்பதாக அது முடியும், அடுத்த பாடவேளையில் அவருடைய தவிப்பும் கூடும்.

பாடவேளையின் படிகளை வரிசையாகக் காட்டும் பட அட்டவணை ஒன்றை மாணவரின் கண்மட்டத்தில், கரும்பலகையின் ஓரத்தில் மாட்டுங்கள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு படமும் ஓரிரு சொற்களும் போதும்: "விளக்கம்", "தாள் 1", "அசைவு", "தாள் 2", "அசைவு", "தாள் 3", "சரிபார்த்தல்". சுற்றிலும் அலங்காரப் படங்கள் நிறைந்திருந்தால் அட்டவணையே கண்ணுக்குத் தப்பிவிடும். முடிந்த அட்டையை ஒரு மாணவர் எழுந்து வந்து திருப்பிவைக்கட்டும். எழுந்து நடக்கத் துடிப்பவருக்கு இது பயனுள்ள பொறுப்பு. திட்டம் மாறினால் அட்டையை மாற்றிய பின்னரே மாற்றத்தை அறிவியுங்கள்.

பயிற்சி: நாளை நீங்கள் எடுக்கவிருக்கும் ஒரு பாடவேளையை இவ்வாறு பகுத்து, அட்டைகளைத் தயாரித்துக் கொண்டுவாருங்கள். பாடம் நடக்கும்போது ஒரு மாணவரை மட்டும் கவனித்து, ஒவ்வொரு தாளையும் தொடங்க அவருக்கு எவ்வளவு நேரமானது என்று குறித்துவையுங்கள். தாள் இன்னும் சிறிதாக வேண்டுமா என்பதை அந்தக் குறிப்பைக் கொண்டு அடுத்த வகுப்பில் முடிவுசெய்வோம்.