ஃப்ரீலான்ஸ் டிசைனர், வயது 34, நிலையான ஒரு துணையைத் தேடுகிறேன்

வணக்கம். 11 வருடமாக டிசைன் வேலை செய்கிறேன். கடைசி 7 வருடம் மாதச் சம்பளம் இல்லாமல், சொந்தமாக. லோகோ, பேக்கேஜிங், புத்தக அட்டை எல்லாம் செய்வேன். அட்டைதான் மனதுக்கு நெருக்கம். தலைப்பில் ஒரு எழுத்தின் கொம்பு பக்கத்து எழுத்தோடு இடிக்காமல் இடைவெளி பார்த்துப் பார்த்து வைப்பதிலேயே ஒரு மதியம் போய்விடும். அப்படிப் போகும் மதியங்கள் எனக்குப் பிடிக்கும்.

வருமானத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தெரிந்து யாரும் வருத்தப்படக் கூடாது. மாதா மாதம் ஒரே தொகை வராது. ஒரு மாதம் மூன்று வேலை சேர்ந்து வரும், அடுத்த மாதம் ஒன்றுமே இருக்காது. முடித்துக் கொடுத்த வேலைக்கு இரண்டு மாதம் கழித்துப் பணம் வருவதும் உண்டு. அதனால் பாதித் தொகையை முன்பணமாக வாங்கிய பிறகுதான் எதையும் தொடங்குகிறேன். வருவதெல்லாம் ஒரு கணக்கில் சேரும். அதிலிருந்து 1ஆம் தேதி எனக்கு நானே ஒரே அளவு சம்பளம் எடுத்துக்கொள்கிறேன். வரிக்கான பணமும் 6 மாதச் செலவுக்கான பணமும் தனியாக இருக்கின்றன. கடன் இல்லை. ஒரு வாடிக்கையாளர் பெரிய தொகையைத் தராமலே விட்டுவிட்டார், அந்த வருடம் பட்ட பாட்டில் வந்த பழக்கம் இது.

என் செலவை யாரும் சுமக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் வேலை வராத நாட்களில் கொஞ்சம் பேச்சு குறைந்துவிடும். அப்போது "எப்போ ஒரு நல்ல வேலைக்குப் போகப்போற?" என்று கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வேண்டும்.

நெருங்கிய நண்பர்கள் மூன்று பேர். கூட்டம் அதிகமுள்ள விசேஷங்களில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்க முடியாது, களைத்துவிடுவேன். மாலையில் நீண்ட நடை, அப்புறம் புத்தகம். இந்த அமைதி நானே விரும்பி அமைத்துக்கொண்டது. இருந்தாலும் ஒரு அட்டை அச்சாகி முதல் பிரதி கைக்கு வரும்போது, "இங்கே பாரேன்" என்று காட்ட வீட்டில் ஒருவர் இல்லையே என்று தோன்றும். அந்த நேரத்தில்தான் தனிமை உண்மையாக உறைக்கிறது.

சும்மா பழகிப் பார்ப்பதில் எனக்கு விருப்பமில்லை. பேசிப் பழகி, மனம் ஒத்துப்போனால் திருமணம் வரை போகலாம். அவசரம் எதுவும் இல்லை. சொன்ன நேரத்துக்கு வருபவர், கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடாமல் என்னவென்று சொல்பவர், ஒரே அறையில் ஆளுக்கொரு வேலையாக மூன்று மணி நேரம் பேசாமல் இருந்தாலும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதவர் என்றால் எனக்கு மிகவும் சந்தோஷம். உங்கள் சம்பளம் எவ்வளவு என்று கேட்க மாட்டேன். பணத்தைப் பற்றி ஒளிக்காமல் பேசுவீர்களா என்பதுதான் எனக்கு முக்கியம்.

எழுத நினைத்தால், உங்கள் சாதாரணமான ஒரு நாள் எப்படிப் போகும் என்று நான்கு வரி எழுதுங்கள். பகலில் வேலையில் மூழ்கியிருப்பேன், இரவு 8 மணிக்கு மேல் நிதானமாகப் படித்துப் பதில் போடுகிறேன்.