x + 1/x ≥ 2: மூன்று நிரூபணங்கள்

பதினோராம் வகுப்பு 'அ' பிரிவு மாணவர்களுக்கு: மணி அடித்ததால் பாதியில் நின்றுபோன நிரூபணங்களை முழுமையாக எழுதித் தருகிறேன். நோட்டில் அப்படியே பார்த்து எழுத வேண்டாம். ஒரு முறை படித்துவிட்டு, தாளை மூடி வைத்துவிட்டு நீங்களாக எழுதிப் பாருங்கள்.

கூற்று இதுதான். x ஒரு மிகை மெய்யெண் என்றால்,

x + 1/x ≥ 2

சமக்குறி வருவது x = 1 ஆக இருக்கும்போது மட்டும். இந்த இரண்டாவது வாக்கியமும் கூற்றின் பகுதிதான். விடைத்தாளில் பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான்.

முதலில் சில எண்களைப் போட்டுப் பார்ப்போம். x = 2 என்றால் 2.5. x = 1/2 என்றாலும் அதே 2.5, ஏனென்றால் எண்ணும் அதன் தலைகீழியும் இடம் மாறிக்கொள்கின்றன, அவ்வளவுதான். x = 10 என்றால் 10.1. x = 0.9 என்றால் 2.0111… x = 1.01 என்றால் 2.000099… இரண்டை இவ்வளவு நெருங்கி வந்தும் அதற்குக் கீழே இறங்க மறுக்கிறது. ஏன் என்று எண்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியாது.

முதல் முறை: இயற்கணிதம்

எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் குறை எண் ஆகாது. ஆகவே

(x − 1)² ≥ 0
x² − 2x + 1 ≥ 0
x² + 1 ≥ 2x

இப்போது இரு பக்கமும் x ஆல் வகுக்கிறோம். x > 0 என்பதால் அசமன்பாட்டின் குறி திரும்பாது.

x + 1/x ≥ 2

சமக்குறி வேண்டுமானால் (x − 1)² = 0 ஆக வேண்டும், அதாவது x = 1. நிரூபணம் முடிந்தது.

x > 0 என்ற நிபந்தனை வேலை செய்வது அந்த ஒரே ஒரு வரியில்தான், வகுக்கும் இடத்தில். x குறை எண்ணாக இருந்தால் அங்கே குறி திரும்பி x + 1/x ≤ 2 என்று வந்துவிடும். x = −3 போட்டால் −3.33… வருகிறது, சரிதான்.

பலர் இதைத் தலைகீழாக எழுதுகிறீர்கள். "x + 1/x ≥ 2, எனவே x² + 1 ≥ 2x, எனவே (x − 1)² ≥ 0, இது உண்மை, எனவே நிரூபிக்கப்பட்டது." நிரூபிக்க வேண்டியதையே முதல் வரியில் உண்மை என்று எடுத்துக்கொண்டால், கடைசி வரி உண்மையாக வந்து என்ன பயன்? இதே வழியில் 1 = −1 என்று தொடங்குங்கள். இரு பக்கமும் வர்க்கப்படுத்தினால் 1 = 1. இதுவும் உண்மைதான். அதற்காக முதல் வரி உண்மையாகிவிடுமா? வழியைக் கண்டுபிடிக்கப் பின்னாலிருந்து போவதில் தப்பில்லை, எல்லோரும் அப்படித்தான் போகிறோம். அது தாளின் ஓரத்தில் இருக்கட்டும். விடையாக எழுதும்போது தெரிந்ததிலிருந்து தொடங்கி வேண்டியதில் வந்து நிற்க வேண்டும்.

இந்த முறையில் ஒரு கூடுதல் லாபமும் உண்டு. மேலே எழுதியதைக் கொஞ்சம் மாற்றி எழுதினால்

x + 1/x − 2 = (x − 1)²/x

என்று வரும். இரண்டைவிட எவ்வளவு அதிகம் என்பதையே இது சொல்லிவிடுகிறது. x = 0.9 என்றால் 0.01/0.9 = 0.0111… x = 1.01 என்றால் 0.0001/1.01 = 0.000099… முதலில் பார்த்த எண்கள் ஏன் இரண்டை அப்படி ஒட்டி நின்றன என்பது இப்போது தெரிகிறது: 1-லிருந்து கொஞ்சம் விலகினால், அந்த விலகலின் வர்க்கம்தான் விடையில் ஏறுகிறது.

கூட்டுச் சராசரி, பெருக்குச் சராசரி வைத்து ஒரு வரியில் முடிக்கலாமே என்று கேட்பீர்கள். தாராளமாக. தன்மைகாட்டி வைத்தும் செய்யலாம்: x + 1/x = k என்று வைத்தால் x² − kx + 1 = 0, மெய் மூலம் இருக்க k² ≥ 4, k மிகை என்பதால் k ≥ 2. இரண்டும் சரியான நிரூபணங்களே. ஆனால் நான் இவற்றைத் தனி முறைகளாக எண்ணவில்லை. பெருக்குச் சராசரி விதி (√a − √b)² ≥ 0 என்பதிலிருந்து வருகிறது. தன்மைகாட்டியும் முழு வர்க்கமாக்கும்போது பிறந்ததுதான். சட்டை மாற்றிக்கொண்டு அதே ஆள் வந்து நிற்கிறார். அதனால் அடுத்த முறைக்கு வேறு பக்கம் போவோம்.

இரண்டாம் முறை: அரைவட்டம்

ஒரு நேர்கோட்டில் AD = x, DB = 1/x என்று அடுத்தடுத்து அளந்துகொள்ளுங்கள். மொத்த நீளம் AB = x + 1/x. AB-ஐ விட்டமாக வைத்து ஓர் அரைவட்டம் வரையுங்கள். மையம் O. D-யிலிருந்து AB-க்குச் செங்குத்தாக ஒரு கோடு எழுப்பினால் அது அரைவட்டத்தை C-யில் தொடும்.

அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம், ஆகவே ∠ACB = 90°. செங்கோண உச்சியிலிருந்து கர்ணத்துக்குச் செங்குத்து வரைந்தால் கிடைக்கும் ADC, CDB என்ற இரண்டு முக்கோணங்களும் வடிவொத்தவை. எனவே

AD/CD = CD/DB
CD² = AD · DB = x · (1/x) = 1
CD = 1

x எதுவாக இருந்தாலும் CD-யின் நீளம் 1 தான். D-யை எங்கே வைத்தாலும், அரைவட்டம் பெரிதானாலும், அந்தச் செங்குத்து மாறுவதே இல்லை. எனக்கு இந்த நிரூபணத்தில் பிடித்த இடமே இதுதான்.

இனி D-யும் O-வும் வேறு வேறு புள்ளிகள் என்றால், ODC ஒரு செங்கோண முக்கோணம். அதன் கர்ணம் OC, அதாவது ஆரம். கர்ணம் மற்ற பக்கத்தைவிடப் பெரியது என்பதால்

(x + 1/x)/2 = OC > CD = 1

D-யும் O-வும் ஒரே புள்ளி என்றால் CD-யே ஆரம். அப்போது AD = DB, அதாவது x = 1/x, x மிகை என்பதால் x = 1. இரண்டையும் சேர்த்தால் x + 1/x ≥ 2, சமக்குறி x = 1 க்கு மட்டும்.

வரைந்து பார்க்க நல்ல அளவு ஒன்று சொல்கிறேன். 4 செ.மீ. என்பதை ஓர் அலகாக எடுத்துக்கொள்ளுங்கள். x = 2 என்றால் AD 8 செ.மீ., DB 2 செ.மீ., விட்டம் 10 செ.மீ. ஆரம் 5, மையத்திலிருந்து D இருப்பது 3 செ.மீ. தள்ளி. செங்குத்தை அளந்தால் 4 செ.மீ., அதாவது சரியாக ஓர் அலகு. 3, 4, 5 முக்கோணம் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. அலகை முதலிலேயே முடிவுசெய்யாமல் வரைய உட்கார்ந்தால் 1/x-க்கு எவ்வளவு அளப்பது என்று குழம்புவீர்கள்.

இந்த வரைபடம் பழையது. கொடுத்த இரண்டு கோடுகளுக்கு இடையே ஒரு சராசரி விகிதக் கோடு காண்பது யூக்ளிடின் 'எலிமெண்ட்ஸ்' ஆறாம் புத்தகத்தில் 13-ஆவது கூற்று. அங்கேயும் இதே அரைவட்டம், இதே செங்குத்துதான்.

மூன்றாம் முறை: வகைநுண்கணிதம்

x > 0 க்கு f(x) = x + 1/x என்று ஒரு சார்பை எடுத்துக்கொள்வோம்.

f′(x) = 1 − 1/x² = (x² − 1)/x²

0 < x < 1 எனில் f′(x) < 0, அதனால் f இறங்குகிறது. x > 1 எனில் f′(x) > 0, அதனால் f ஏறுகிறது. 1 வரை இறங்கி, அதற்கப்புறம் ஏறிக்கொண்டே போகும் சார்பின் மிகச் சிறிய மதிப்பு x = 1 இல்தான் இருக்க முடியும். அது f(1) = 2. மற்ற எல்லா இடத்திலும் f(x) > 2.

f′(1) = 0, f″(1) = 2 > 0, ஆகவே சிறும மதிப்பு 2 என்று நிறுத்திவிடாதீர்கள். அது 1-ஐச் சுற்றியுள்ள கொஞ்ச இடத்துக்கு மட்டும் உத்தரவாதம். x³ − 3x என்ற சார்புக்கும் x = 1 இல் முதல் வகைக்கெழு பூச்சியம், இரண்டாவது மிகை, மதிப்பு −2. ஆனால் x = −3 போட்டால் −18 க்குப் போய்விடுகிறது. நமக்கு வேண்டியது x > 0 முழுவதற்குமான கூற்று. அதனால் ஏறுவதையும் இறங்குவதையும் முழு இடைவெளிக்கும் சொல்லியாக வேண்டும்.

ஒரு வர்க்கத்தில் முடிவதற்கு இத்தனை ஆயுதம் தேவையா என்று தோன்றும். இந்தக் கணக்கைப் பாருங்கள்: எல்லா மெய்யெண் x-க்கும்

x² + 2 + 1/(x² + 2)

என்பதன் சிறும மதிப்பு என்ன?

அவசரப்பட்டு 2 என்று எழுதத் தோன்றும். x² + 2 மிகை எண், அதோடு அதன் தலைகீழியைக் கூட்டினால் 2-க்குக் குறையாது, உண்மைதான். ஆனால் 2-ஐத் தொட வேண்டுமானால் x² + 2 = 1, அதாவது x² = −1 ஆக வேண்டும். மெய்யெண்களில் அது நடக்காது. 2-க்குக் கீழே போகாது என்பதும் 2 வரை போகும் என்பதும் ஒன்றல்ல.

மூன்றாம் முறை இங்கே கைகொடுக்கிறது. t = x² + 2 என்று வையுங்கள். t எப்போதும் 2 அல்லது அதற்கு மேல். f(t) = t + 1/t என்பது 1-க்கு அப்புறம் ஏறும் சார்பு என்று பார்த்துவிட்டோம். எனவே t ≥ 2 என்றால் f(t) ≥ f(2) = 5/2. x = 0 இல் t = 2 என்பதால் அந்த மதிப்பு கிடைக்கவும் செய்கிறது. விடை 5/2.

திங்கட்கிழமைக்கு ஒரே ஒரு கணக்கு. a, b, c மூன்றும் மிகை எண்கள் என்றால்

(a + b + c)(1/a + 1/b + 1/c) ≥ 9

என்று நிரூபியுங்கள். பெருக்கி விரித்தால் ஒன்பது உறுப்புகள் வரும். அதில் மூன்று வெறும் 1. மீதி ஆறையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பாருங்கள். a/b-க்கு ஜோடி யார் என்று நான் சொல்லப்போவதில்லை. சமக்குறி எப்போது வரும் என்பதையும் எழுதினால்தான் முழு மதிப்பெண்.